கடைக்குப் பெயர் வைக்கும் முன் ஐந்து பேருக்குப் போன் போடுங்கள்

காரைக்குடியில் லேபிள், பில் புக், கடை போர்டு அச்சடிக்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு முதலில் வந்து நிற்கும் இடங்களில் எங்கள் கடையும் ஒன்று. வீட்டில் பலகாரம் போட்டு வெளியூருக்கு அனுப்பத் தொடங்கிய ஓர் ஆச்சி அப்படித்தான் வந்தார். அவர் வைத்திருந்த பெயரில் ‘தேன்குழல்’ என்ற சொல் இருந்தது. கவரில் நான் Thenkuzhal என்று அச்சடித்துக் கொடுத்தேன். போர்டு எழுதியவர் Thenkulal என்று எழுதினார். இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்த அவருடைய மகன் Thaenkuzhal என்று போட்டார். மூன்றுமே தேன்குழல்தான், மூன்றும் தப்பில்லை. ஆனால் தீபாவளி நேரத்தில் பெங்களூரிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் போன் செய்து, “ஆச்சி, நீங்க சொன்ன பேரைப் போட்டுத் தேடுறேன், வேற யாரோதான் வர்றாங்க” என்றார். ஆச்சி என்னிடம் வந்து, “தம்பி, எந்த எழுத்துல தேடச் சொல்றது?” என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அச்சடிக்கும் முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அன்றிலிருந்து பெயரோடு வருகிறவர்களிடம் நான் சொல்லும் முறையை இங்கே எழுதுகிறேன். பலகாரத் தொழிலை வைத்தே சொல்கிறேன், அதில்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடிக் கல், பனையோலைக் கொட்டான் என்று எது விற்றாலும் முறை இதுதான்.

உங்கள் பெயர் எந்த வழியாகப் பயணம் செய்யும்?

ஒரு தாளை எடுத்து, நீங்கள் விற்பதை வாங்கப்போகிறவர் எங்கே இருக்கிறார், உங்கள் பெயரை அவர் முதன்முதலில் எப்படிக் கேட்பார் என்று எழுதுங்கள். கல்லுக்கட்டியில் கடை போட்டு உள்ளூருக்கு மட்டும் விற்கிறீர்கள் என்றால் போர்டில் தமிழில் படித்துவிட்டு நேரே உள்ளே வருவார்கள். உங்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவையில்லை.

ஆனால் செட்டிநாட்டுப் பலகாரத்தை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கே இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டிலோ படைப்பிலோ உங்கள் அதிரசத்தைச் சாப்பிட்டவர், “எங்கே வாங்கினீங்க?” என்று கேட்பார். பக்கத்தில் இருப்பவர் பெயரை வாயால் சொல்வார். கேட்டவர் அன்று ராத்திரியோ அடுத்த வாரமோ அதை போனில் ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவார். தமிழ் பேசுவார், ஆனால் தமிழில் படிக்க வராது என்ற பிள்ளைகளும் வெளியூர்க் குடும்பங்களில் நிறைய உண்டு. ஆக, வாயிலிருந்து காதுக்கு, காதிலிருந்து ஞாபகத்துக்கு, ஞாபகத்திலிருந்து ஆங்கில எழுத்துக்கு என்று மூன்று இடம் மாறித்தான் உங்கள் பெயர் உங்களிடம் வந்து சேரும். எந்த இடத்தில் சிதைந்தாலும் ஆர்டர் வேறு ஒருவருக்குப் போகும்.

முன்காலத்தில் நம் பகுதியில் இந்தச் சிக்கல் இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்த நகரத்தார்களுக்கு விலாசம்தான் பெயர். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள், அந்த இரண்டு மூன்று எழுத்தைச் சொன்னால் எந்த ஊர், எந்த வீடு என்பது வரை தெரிந்துவிடும். காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் முதலெழுத்துகள் ஏ.வி.எம். என்று ஆகி, தமிழ்நாடு முழுக்கச் சொல்லும் பெயராகவே நின்றது. இதை நினைத்துக்கொண்டு இன்றும் பலர் தங்கள் இனிஷியலையே கடைக்கு வைக்க ஆசைப்படுகிறார்கள். விலாசம் வேலை செய்தது, கேட்பவருக்கு அந்தக் குடும்பத்தை ஏற்கனவே தெரியும் என்பதால். முன்பின் தெரியாதவர் மூன்று எழுத்தைத் தேடினால் நூறு கம்பெனி வரும், எழுத்தின் வரிசையும் மறந்துபோகும்.

எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் விலாசம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. அவர் 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்த வங்கிக்கு வைத்த பெயர் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க். கடல் கடந்த வணிகத்துக்கான வங்கி என்பது பெயரிலேயே இருக்கிறது. ஐ.ஓ.பி. என்று மக்கள் சுருக்கிக்கொண்டது அப்புறம். இனிஷியல் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

எந்த எழுத்து எங்கே காலை வாரும்

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுத எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே முறை மக்கள் பழக்கத்தில் இல்லை. நம் ஊர்ப் பெயர்களையே பாருங்கள். ரயில் நிலையத்தில் Karaikkudi, மற்ற பல இடங்களில் Karaikudi. டைல்ஸ் விற்பவர்கள் Athangudi என்றும் Attangudi என்றும் Aathangudi என்றும் எழுதுகிறார்கள். செக்காலை ரோட்டில் நடந்தால் Sekkalai, Sekalai, Chekkalai மூன்றையும் போர்டுகளில் பார்க்கலாம். ஊர்ப் பெயர் எப்படி எழுதினாலும் ஊர் இடம் மாறாது. கடைப் பெயர் மாறினால் கடை கிடைக்காது.

சிக்கல் வரும் இடங்கள் சிலதான், அவற்றை ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும். முதலாவது ழ. இதை zh என்று எழுதுவது படித்தவர் வழக்கம், ஆனால் பேச்சில் ள-வாகச் சொல்பவர்கள் l என்றுதான் தட்டுவார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் பெயரே Alagappa தான், Azhagappa இல்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் அது நிலைத்துவிட்டது. புதுக் கடைக்கு அப்படிப்பட்ட அவகாசம் கிடைக்காது.

இரண்டாவது, சொல்லின் நடுவில் வரும் க, ச, ட, த, ப. நாம் எழுதுவது ஒரு எழுத்து, வாயில் வருவது இரண்டு மூன்று ஒலி. ‘முகப்பு’ என்ற அழகான செட்டிநாட்டு வீட்டுச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். Mugappu, Mukappu, Muhappu, ஒரு p விட்டால் Mugapu. சொல்லின் முதலில் வரும் ச-வுக்கும் இதே கதைதான், ஒருவர் s போடுவார், இன்னொருவர் ch போடுவார். த வந்தால் சென்னைக்காரர் th, மற்ற மாநிலத்தவர் t.

மூன்றாவது, நெடிலும் இரட்டை எழுத்தும். ஆ-வுக்கு a போதுமா aa வேண்டுமா, கொட்டான் என்பதற்கு Kottan-ஆ Kottaan-ஆ என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்வார்கள்.

மிச்சம் என்ன இருக்கிறது? ம, ய, வ, ஒற்றை ர, ல, ன. அதோடு அ, இ, உ, ஐ போன்ற உயிர்கள். இவற்றால் மட்டும் ஆன சொல்லைப் பத்துப் பேர் எழுதினாலும் அநேகமாக ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். எல்லாப் பெயரும் இந்த எழுத்துகளில்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிக்கல் எழுத்து ஒன்று இருந்தால் இரண்டு ஸ்பெல்லிங், இரண்டு இருந்தால் நான்கு, மூன்று இருந்தால் எட்டு. ஒன்று வரை சமாளிக்கலாம் என்பது என் அனுபவம்.

ஒரு கடைக்குப் பெயர் வைத்துப் பார்ப்போம்

கானாடுகாத்தான் பக்கம் ஒருவர் தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, மனகோலம் செய்து கூரியரில் அனுப்பப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதிக்கொண்டு வரும் பட்டியல் எப்படி இருக்கும் என்று எனக்கு ஏறக்குறைய தெரியும்.

முதல் பெயர், ‘செட்டிநாடு பாரம்பரிய இல்லப் பலகாரங்கள்’. இது பெயர் இல்லை, விவரம். போனை எடுத்து, “வணக்கம், செட்டிநாடு பாரம்பரிய இல்லப் பலகாரங்கள்” என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் “ஹலோ, ஹலோ” என்பார். நான்கு சொல்லில் எந்தச் சொல்லை ஞாபகம் வைப்பது என்றும் அவருக்குத் தெரியாது. செட்டிநாடு என்ற சொல்தான் நிற்கும், அதைப் போட்டுத் தேடினால் உலகத்தில் உள்ள சிக்கன் செட்டிநாடு எல்லாம் வரும்.

இரண்டாவது, ஆச்சி என்று தொடங்கும் ஏதாவது ஒன்று. நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஆச்சி உண்டு, சொல்லும்போதே கைப்பக்குவம் நாக்கில் தெரியும். ஆனால் அந்தச் சொல்லில் ஏற்கனவே ஊரறிந்த மசாலா நிறுவனம் இருக்கிறது. அதே உணவுத் துறையில் அதே சொல்லை வைத்தால் வக்கீல் நோட்டீஸ் வர வாய்ப்பு உண்டு. நோட்டீஸ் வராவிட்டாலும் வாடிக்கையாளர் உங்களை அவர்களின் இன்னொரு பொருள் என்றுதான் நினைப்பார்.

மூன்றாவது, ‘வளவு’, வீட்டின் உள் முற்றப் பகுதி. செட்டிநாட்டு வீட்டைத் தெரிந்தவருக்கு மனதில் உடனே படம் விரியும். ஆங்கிலத்தில் Valavu, ஸ்பெல்லிங்கில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் காதில் இருக்கிறது. வெளியூர்க்காரருக்கு இந்தச் சொல் தெரியாது, அதனால் தனக்குத் தெரிந்த ‘வளைவு’ என்று கேட்டுக்கொள்வார், Valaivu என்று தேடுவார்.

நான்காவது, ‘மரவை’. மரத்தில் கடைந்த பழைய ஏனத்தின் பெயர். Maravai என்று ஒரே விதமாகத்தான் எழுத முடியும், நான்கூட இதுதான் சரியான பெயர் என்று முதலில் நினைப்பேன். ஆனால் போனில் சொல்லிப் பாருங்கள். பத்தில் நான்கு பேராவது “பறவையா?” என்று கேட்பார்கள். தெரியாத சொல்லைக் காது தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும். இதைத் தாளில் எழுதிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வாயால் சொல்லித்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஐந்தாவது, ‘வரவு’. எல்லாத் தமிழருக்கும் தெரிந்த சொல். வாசலில் எழுதும் நல்வரவும் இதில் இருக்கிறது, பேரேட்டில் எழுதும் வரவும் இருக்கிறது. Varavu என்று எழுதுவதைத் தவிர வேறு வழி சட்டென்று தோன்றாது. மூன்றே எழுத்து. ஒரு குறை உண்டு, பலகாரம் விற்கிறார்கள் என்பது பெயரில் இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

(வரவு என்பதை விளக்கத்துக்காகத்தான் எடுத்தேன். யாராவது ஏற்கனவே வைத்திருக்கிறார்களா என்று நான் தேடவில்லை. உங்கள் பெயரை நீங்கள்தான் தேட வேண்டும், அதற்கும் வழி கீழே இருக்கிறது.)

போன் சோதனை

இதுதான் நான் யாரையும் தவிர்க்க விடாத படி. கடைசிச் சுற்றுக்கு இரண்டு பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீட்டில் உள்ளவர்கள் வேண்டாம், அவர்களுக்குப் பெயர் ஏற்கனவே தெரியும். அறுபது வயதுக்கு மேல் ஒருவர், பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒருவர், வெளியூரில் வளர்ந்த உறவினர் ஒருவர், தமிழ் தாய்மொழி இல்லாதவர் ஒருவர், அப்புறம் கூரியர் ஆபீஸ் ஆள் அல்லது ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்.

வீட்டு அமைதியில் இருந்து பேசாதீர்கள். புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கூப்பிடுங்கள், உங்கள் வாடிக்கையாளர் அப்படி ஓர் இரைச்சலில்தான் கேட்கப்போகிறார். பெயரை ஒரு வாக்கியத்துக்குள் வைத்து ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். “வரவு-ன்னு ஒரு கடையில பலகாரம் வாங்கினேன், நல்லா இருந்துச்சு” என்பது போல. விளக்கம் சொல்லக் கூடாது, எழுத்துக் கூட்டக் கூடாது. அப்புறம், “அந்தப் பேரை எனக்கு வாட்ஸ்ஆப்பில் இங்கிலீஷ் எழுத்தில் அனுப்புங்க” என்று கேளுங்கள்.

ஐந்து செய்தியையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஐந்தும் ஒன்று, அல்லது ஒன்று மட்டும் வேறு என்றால் பெயர் தேறிவிட்டது. மூன்று விதமாக வந்தால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும். இரண்டு விதமாகப் பிரிந்தால், பெரும்பான்மை எப்படி எழுதினார்களோ அதையே உங்கள் ஸ்பெல்லிங்காக எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் படித்தவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். “zh போடுவதுதான் சரி” என்பார்கள். இலக்கணப்படி எது சரி என்பது வேறு விஷயம், வாடிக்கையாளரின் விரல் எங்கே போகிறது என்பதுதான் இங்கே முக்கியம். தமிழில் எழுதும்போது ஒரு எழுத்தும் மாறாமல் சரியாக எழுதுங்கள், அதில் நானும் பிடிவாதக்காரன்தான்.

மறுநாள் சாயங்காலம் அதே ஐந்து பேருக்கும் திரும்பக் கூப்பிட்டு, “நேத்து ஒரு கடைப் பேர் சொன்னேனே, என்ன?” என்று கேளுங்கள். மூன்று பேர் சொன்னால் நல்லது. “ஏதோ வ-வில வரும்” என்று பதில் வந்தால் பெயர் பாதிதான் நின்றிருக்கிறது. “பலகாரக் கடைதானே?” என்று மட்டும் வந்தால் பொருள் நின்றது, பெயர் நிற்கவில்லை.

வேறு யாரும் வைத்திருக்கிறார்களா?

சோதனையில் தேறிய பெயரை, ஐந்து பேர் அனுப்பிய எல்லா ஸ்பெல்லிங்கிலும் கூகுள் மேப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் தேடுங்கள். இன்ஸ்டாகிராமில் அந்தப் பெயர் எடுக்கப்பட்டிருந்தால் பலர் கோடு, எண், official என்று எதையாவது ஒட்டிவிடுகிறார்கள். varavu_official_63 என்பதை வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத முகவரி போன் சோதனையில் ஜெயித்த பெயரை வீணாக்கிவிடும். ஊரையோ பொருளையோ சேருங்கள், varavusnacks என்பது போல. அதை ஒரு மூச்சில் சொல்லலாம்.

அடுத்தது டிரேட்மார்க். மத்திய அரசின் ஐ.பி. இந்தியா இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். தேடல் பக்கத்தில் Wordmark, Phonetic என்ற வகைகள் இருக்கும். முதலாவது எழுத்தை வைத்துத் தேடும், இரண்டாவது ஒலியை வைத்துத் தேடும். நமக்கு இரண்டும் வேண்டும், ஒலி ஒத்துப்போகும் பெயரும் தகராறுக்குக் காரணமாகலாம். பொருள்களை 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். முறுக்கு, சீடை, இனிப்பு, மசாலாப் பொடி எல்லாம் 30-ஆம் வகுப்பு, ஊறுகாய் 29, உணவகம் 43. பலகாரம் என்றால் 30-இல் தேடத் தொடங்கி, 29, 43 இரண்டையும் பார்த்துவிடுங்கள். பதிவு செய்ய விரும்பினால் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு கிடைத்தால் பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். வட்டத்துக்குள் R போட்ட குறியைப் பதிவு முடியும் வரை அச்சடிக்கச் சொல்லாதீர்கள், அது சட்டப்படி குற்றம். TM என்று போடத் தடையில்லை.

செட்டிநாடு என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை எல்லோரும் கேட்கிறார்கள். அது ஊர்ப்பகுதியின் பெயர். 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, பொருள் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்லும் பெயரைத் தனி அடையாளமாகப் பதிவது கடினம். ஆகவே ‘செட்டிநாடு ஸ்னாக்ஸ்’ என்று வைத்தால், பக்கத்துத் தெருவில் ‘செட்டிநாட்டு ஸ்னாக்ஸ்’ என்று ஒருவர் திறக்கும்போது உங்களால் அதிகம் செய்ய முடியாது. செட்டிநாடு என்பது பெயருக்குக் கீழே, விவரமாக வரட்டும். கொட்டான், கண்டாங்கி போன்றவற்றுக்கு இன்னும் ஒரு கவனம் வேண்டும். செட்டிநாட்டுக் கொட்டானும் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையும் புவிசார் குறியீடு பெற்றவை. விசைத்தறியில் வேறு ஊரில் நெய்த சேலைக்கு அந்தப் பெயரைக் கடைப்பெயராக வைத்து விற்பது வம்பை விலைக்கு வாங்குவது.

அடிவரி

டேக்லைன் என்று எல்லோரும் சொல்வதை நாங்கள் அச்சகத்தில் அடிவரி என்போம், பெயருக்கு அடியில் வருவதால். அடிவரிக்கு ஒரே வேலைதான், பெயர் சொல்லாமல் விட்டதைச் சொல்வது. பெயரிலேயே பலகாரம் இருந்தால் அடிவரியில் மறுபடி பலகாரம் வேண்டாம். நம் உதாரணத்தில் ‘வரவு’ எதையும் சொல்லவில்லை, ஆக என்ன பொருள், எந்த ஊர், எப்படிக் கிடைக்கும் என்ற மூன்றையும் அடிவரிதான் சுமக்க வேண்டும்.

முதலில் பேச்சில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள்: ‘செட்டிநாட்டுப் பலகாரங்களை வீட்டுக்கே அனுப்பிவைக்கிறோம்’. பொருள் சரி, ஓசை இல்லை. நினைவில் நிற்க நம் மொழியில் மோனையைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. பழமொழி எல்லாம் அப்படித்தானே நிற்கிறது. பெயர் வ-வில் தொடங்குகிறது, அதற்கு இசைவாக வரும் சொற்களைத் தேடினால் வாசல், வரும், வீடு, விருந்து எல்லாம் கிடைக்கும். ‘வாசல் தேடி வரும் செட்டிநாட்டுப் பலகாரம்’. வரவு, வாசல், வரும். ஐந்து சொல், ஒரு மூச்சு. கூரியரில் அனுப்புகிறவருக்கு இது உண்மையும்கூட. கடையில் மட்டும் விற்பவருக்கு இதே வரி பொய்யாகிவிடும், அவர் ‘விருந்துக்கு வேண்டிய செட்டிநாட்டுப் பலகாரம்’ என்று போகலாம்.

எழுதியதும் ஒரு சோதனை செய்யுங்கள். அடிவரியை மட்டும் ஒருவரிடம் சொல்லி, “இது என்ன கடை?” என்று கேளுங்கள். ‘சுவையின் சிகரம்’, ‘தரமே தாரகம்’ மாதிரி வரிகளைச் சொன்னால் ஹோட்டலா, எண்ணெய்க் கடையா, டீத்தூளா என்று அவருக்குத் தெரியாது. அந்த வரி எந்தக் கடையிலும் ஒட்டும், ஆகவே உங்கள் கடையில் நிற்காது.

உணவுப் பொருளுக்கு அடிவரியில் சட்டமும் குறுக்கே வரும், இதைப் பலர் லேபிள் அச்சடித்த பிறகே தெரிந்துகொள்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-இல் கொண்டுவந்த விளம்பர விதிகளில் சில சொற்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ‘பாரம்பரிய’ என்று போட வேண்டுமானால் அந்தச் செய்முறை குறைந்தது 30 ஆண்டுகளாகப் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்துவர வேண்டும். நம் மனகோலத்துக்கும் கந்தரப்பத்துக்கும் அதில் சிரமம் இல்லை, நீங்கள் புதிதாகச் செய்த சாக்லேட் அதிரசத்துக்கு அது பொருந்தாது. ‘வீட்டில் செய்தது’ என்பது போன்ற சொல் வாங்குபவருக்குத் தப்பான எண்ணம் கொடுத்தால் அதையும் போடக் கூடாது. வாடகைக் கட்டடத்தில் மெஷின் வைத்துப் பிழிந்துவிட்டு ஹோம் மேட் என்று அடிக்கச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ‘இயற்கை’, ‘சுத்தமான’, ‘ஒரிஜினல்’ போன்ற பொருள்தரும் ஆங்கிலச் சொற்கள் பிராண்ட் பெயரிலேயே இருந்தால், இது வெறும் பெயர்தான், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் தனியாக அச்சிட வேண்டிவரும். சின்ன லேபிளில் அதற்கு இடம் தேடுவதைவிட அந்தச் சொல்லை விட்டுவிடுவது மேல்.

அடிவரியை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். மோனை போய்விடும், மிச்சம் சக்கைதான். ஆங்கிலம் வேண்டும் என்றால் Chettinad snacks என்று விவரத்தை மட்டும் போடுங்கள்.

ஒரே எழுத்து, எல்லா இடத்திலும்

பெயர் முடிவானதும் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். தமிழில் பெயர், ஆங்கில எழுத்தில் பெயர், அடிவரி. அதை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, போர்டு எழுதுபவர், லேபிள் அடிப்பவர், மேப்பில் கடையைச் சேர்க்கும் பிள்ளை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விண்ணப்பம் போடுபவர் எல்லோருக்கும் அந்தப் படத்தையே அனுப்புங்கள். வாயால் சொல்லாதீர்கள். தேன்குழல் மூன்றாகப் பிரிந்தது வாயால் சொன்னதால்தான்.

பெயருக்குப் பின்னால் விவரத்தை ஒரே தொடராக ஒட்டாதீர்கள். ‘வரவுப் பலகாரம்’ என்று ஒருவர் ஒற்றுப் போடுவார், இன்னொருவர் போடமாட்டார், தமிழிலேயே இரண்டு ஸ்பெல்லிங் ஆகிவிடும். ‘வரவு’ தனியாகப் பெரிய எழுத்தில், ‘செட்டிநாட்டுப் பலகாரம்’ கீழே சின்ன எழுத்தில் என்று பிரித்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. போர்டில் தமிழ்தான் மேலே, பெரியதாக இருக்க வேண்டும். தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற அளவில் இடம் ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. நீளப் பெயர் வைத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். பத்தடி போர்டில் நான்கு சொல்லைத் தமிழில் பெரிதாகவும் எழுதி, ஆங்கிலத்தையும் வைத்தால் எதிர்ச் சாரியிலிருந்து ஒன்றும் தெரியாது.

ஜிபேயில் பணம் அனுப்பும்போது வரும் பெயரையும் பாருங்கள். சேமிப்புக் கணக்கின் க்யூ.ஆர். அட்டையை ஒட்டியிருந்தால் கடைப்பெயருக்குப் பதில் உங்கள் சொந்தப் பெயர் வரும், முதல்முறை வாங்கும் வெளியூர்க்காரர் “இது யார்?” என்று தயங்கி நிற்பார். கடைப் பெயரில் நடப்புக் கணக்கு திறந்தோ, வியாபாரிகளுக்கான க்யூ.ஆர். வாங்கியோ பெயரை ஒன்றாக்கிவிடுங்கள்.

கடைசியாக, எடுத்த எடுப்பில் ஐயாயிரம் கவர் அடிக்காதீர்கள். இது என் வியாபாரத்துக்கு நஷ்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன். சாதாரண கவர் வாங்கி, நூறு ஸ்டிக்கர் மட்டும் அடித்து ஒட்டி ஒரு மாதம் விற்றுப் பாருங்கள். அந்த மாதத்தில் வரும் ஒவ்வொரு ஆர்டர் செய்தியிலும் வாடிக்கையாளர் உங்கள் பெயரை எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். கவர் டிசைனை அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.